ஒரே தொடக்கப் புள்ளி, ஒரே சமன்பாடு: தீர்வு மட்டும் ஏன் பல?

கேள்வி: dy/dx = 3y^(2/3), y(0) = 0 என்ற கணக்கை மாறிகளைப் பிரித்துச் செய்தேன், y = x³ வந்தது. y = 0 என்பதும் தீர்வுதான், இன்னும் எண்ணற்ற தீர்வுகள் உண்டு என்கிறார் ஆசிரியர். சமன்பாடும் ஒன்று, தொடக்கமும் ஒன்று. பிறகு எப்படிப் பல விடைகள்? dy/dx = y போட்டால் மட்டும் ஏன் ஒரே விடை? லிப்ஷிட்ஸ் நிபந்தனை என்று புத்தகத்தில் இருக்கிறது, அது இதில் என்னதான் செய்கிறது?

பதில்:

முதலில் y = 0 எங்கே தொலைந்தது என்று பார்த்துவிடலாம். மாறிகளைப் பிரிக்கும்போது இரு பக்கத்தையும் y^(2/3) ஆல் வகுத்திருப்பீர்கள். வகுத்த அந்த வரியிலேயே "y பூச்சியம் இல்லை" என்று சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள். y = 0 என்ற தீர்வு அங்கேயே கழன்றுவிட்டது. எந்தக் கணக்கில் மாறிகளைப் பிரித்தாலும், வகுக்கும் கோவையைப் பூச்சியமாக்கும் மதிப்புகளைத் தனியே எழுதிச் சோதிப்பது நல்ல பழக்கம்.

இப்போது மற்ற தீர்வுகள். ஏதாவது ஒரு c ≥ 0 எடுத்துக்கொள்ளுங்கள். x ≤ c வரை y = 0, அதற்கு அப்புறம் y = (x − c)³. இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் சமன்பாட்டுக்குப் பொருந்துகின்றன. சந்தேகம் வர வேண்டிய இடம் ஒட்டுப் போட்ட x = c மட்டும்தான். அங்கே இடப்பக்கச் சாய்வு 0. வலப்பக்கம் 3(x − c)², அதுவும் c-ஐ நெருங்கும்போது 0. ஒட்டு தெரியாமல் சேர்ந்துவிடுகிறது. ஆகவே வளைவு பூச்சியத்திலேயே படுத்திருந்து, c எப்போது வந்தாலும் அங்கிருந்து எழுந்து போகலாம். c = 0 என்றால் வலப்பக்கத்தில் உங்கள் x³. c-ஐ முடிவிலிக்குத் தள்ளினால் ஆசிரியர் சொன்ன y = 0.

x = 1 இல் இந்தத் தீர்வுகள் என்ன மதிப்பு எடுக்கின்றன என்று பாருங்கள்: c 0-இலிருந்து 1 வரை நகரும்போது (1 − c)³ என்பது 1-இலிருந்து 0 வரை இடையிலுள்ள எல்லா எண்களையும் தொட்டுவிடுகிறது. இது இந்தக் கணக்குக்கு மட்டும் உரியதல்ல. வலப்பக்கச் சார்பு தொடர்ச்சியாக இருக்கும்வரை, ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து இரண்டு தீர்வுகள் பிரிந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட இடம் முழுவதும் தீர்வுகளால் நிரம்பிவிடும் என்பதை 1923இல் ஹெல்முத் நேசர் நிறுவினார். அதாவது "சரியாக இரண்டே தீர்வு" என்ற நிலை வரவே வராது. ஒன்று அல்லது எண்ணற்றவை.

சரி, y' = y இல் இதே ஒட்டு வேலையைச் செய்ய முடியாதது ஏன்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த வழி, x-ஐ நேரமாக நினைத்துக்கொண்டு, பூச்சியத்தை விட்டு விலக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுவது. y' = f(y) என்றால், y மிகச் சிறிய ஒரு மதிப்பு ε-இலிருந்து 1-ஐ அடைய ஆகும் நேரம் ∫ dy/f(y), ε-இலிருந்து 1 வரை.

y' = y க்கு அந்த நேரம் ln(1/ε). ε = 0.001 என்றால் 6.9. ε = 0.000001 என்றால் 13.8. தொடக்கத்தைப் பூச்சியத்துக்கு அருகே கொண்டுபோகக் கொண்டுபோக நேரம் நீண்டுகொண்டே போகிறது, எல்லையே இல்லை. அப்படியானால் பூச்சியத்திலிருந்தே கிளம்பினால்? முடிவான நேரத்துக்குள் 1-ஐ அடையவே முடியாது. 1-ஐ மட்டுமல்ல, எவ்வளவு சிறிய நேர்மதிப்பையும் அடைய முடியாது. பூச்சியத்தில் இருப்பவர் பூச்சியத்தில்தான் இருந்தாக வேண்டும்.

உங்கள் சமன்பாட்டில் அந்த நேரம் 1 − ε^(1/3). ε = 0.001 க்கு 0.9, ε = 0.000001 க்கு 0.99, பூச்சியத்துக்கு 1. நின்றுவிட்டது! பூச்சியத்திலிருந்து வெளியே வர ஒரு முடிவான நேரம் போதும் என்கிறது தொகையீடு. உள்ளே கிடக்கவும் வழி இருக்கிறது (y = 0), வெளியேறவும் வழி இருக்கிறது. எப்போது வெளியேற வேண்டும் என்பதைச் சமன்பாடு சொல்வதில்லை, அந்த c-ஐத் தீர்மானிக்க அதில் எந்தத் தகவலும் இல்லை. பல தீர்வுகள் பிறப்பது இங்கேதான். f(0) = 0, மற்ற இடத்தில் f நேர்மம் என்ற வகைச் சமன்பாடுகளுக்கு 1/f இன் தொகையீடு பூச்சியத்தருகே முடிவில்லாமல் போகிறதா நின்றுவிடுகிறதா என்பதே தீர்ப்பு. இந்தச் சோதனைக்கு 1898இல் எழுதிய வில்லியம் ஆஸ்குட் பெயரைச் சொல்வார்கள்.

லிப்ஷிட்ஸ் நிபந்தனை இதே தீர்ப்பை, தொகையீடு போடாமல், பொதுவான f(x, y) க்கும் பொருந்தும்படி தருகிறது. நிபந்தனை இவ்வளவுதான்: ஏதாவது ஒரு மாறிலி L இருக்க வேண்டும், அருகிலுள்ள எந்த இரண்டு y மதிப்புகளை எடுத்தாலும் அவற்றில் f இன் வித்தியாசம், அந்த y-களின் வித்தியாசத்தைப் போல L மடங்குக்கு மேல் போகக் கூடாது.

|f(x, y₁) − f(x, y₂)| ≤ L |y₁ − y₂|

இரண்டு தீர்வுகள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவற்றின் இடைவெளியை u என்போம். இடைவெளி வளரும் வேகம் அந்த இரண்டு தீர்வுகளின் சாய்வு வித்தியாசம்தான், ஆகவே u' ≤ L u. அதாவது u·e^(−Lx) என்பது x வளரும்போது கூடவே கூடாது. தொடக்கத்தில் அதன் மதிப்பு 0, எதிர்மறையாகவும் போக முடியாது. ஆகவே 0-ஆகவே இருந்தாக வேண்டும், இரண்டு தீர்வும் ஒன்றே. இடப்பக்கம் போகவும் இதே வாதம் செல்லும். நிரூபணம் முழுவதும் இதுதான், ஆனால் இதில் L-இன் வேலை கவனிக்க வேண்டியது: இடைவெளி தன் அளவுக்கு ஏற்பத்தான் வளரலாம் என்று கட்டுப்படுத்துகிறது. அளவே இல்லாத இடைவெளிக்கு வளர எதுவும் இல்லை.

உங்கள் சார்பில் L கிடைக்குமா? y₂ = 0 என்று வைத்து விகிதத்தை எடுங்கள்: 3y^(2/3)/y = 3/y^(1/3). y = 0.001 இல் இது 30. y = 0.000001 இல் 300. இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் 3000. எந்த L-ஐச் சொன்னாலும் பூச்சியத்துக்கு அருகே அதைத் தாண்டிவிடும். படம் வரைந்து பார்த்தால் 3y^(2/3) என்ற வளைவு பூச்சியத்தில் செங்குத்தாக நிற்கும். y-ஐப் பொறுத்த வகைக்கெழு அங்கே வெடிக்கிறது என்பதே இதன் பொருள். தேர்வில் விரைவாகச் சோதிக்க ∂f/∂y தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

இதுவரை பேசியது "ஒன்றுக்கு மேல் இருக்குமா" என்பது. "ஒன்றாவது இருக்குமா" என்பது தனிக் கேள்வி, அதற்கு லிப்ஷிட்ஸ் தேவையே இல்லை. f தொடர்ச்சியாக இருந்தால் போதும், அந்தப் புள்ளி வழியாகக் குறைந்தது ஒரு தீர்வு உண்டு. இது பியானோ தேற்றம். 1886இல் வெளியிட்டார், பொதுவான வடிவத்தை 1890இல் தந்தார். f தொடர்ச்சியை இழந்தால் இதுவும் போய்விடும். y ≥ 0 எனில் y' = −1, y < 0 எனில் y' = 1, y(0) = 0 என்று எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் சாய்வு −1, ஆகவே உடனே y எதிர்மறையாக வேண்டும். எதிர்மறையில் சாய்வு 1, அதாவது y ஏறிக்கொண்டிருக்க வேண்டும். 0-இலிருந்து ஏறிக்கொண்டே எதிர்மறையாக முடியாது. தீர்வே இல்லை.

லிப்ஷிட்ஸும் கூடவே இருந்தால், தீர்வைக் கட்டியெடுக்கவே ஒரு முறை இருக்கிறது. பிகார் முறை என்பார்கள். சமன்பாட்டை y(x) = y₀ + ∫ f(t, y(t)) dt என்று தொகையீடாக எழுதிக்கொண்டு, ஏதாவது ஒரு தோராய வளைவை வலப்பக்கத்தில் போட்டு, வருவதை மீண்டும் வலப்பக்கத்தில் போட்டு, இப்படியே தொடர்வது. y' = y, y(0) = 1 க்கு y = 1 என்று தொடங்கினால் 1 + x, பிறகு 1 + x + x²/2, பிறகு x³/6 சேரும். x = 1 இல் மதிப்புகள் 2, 2.5, 2.667, 2.708 என்று e-ஐ நோக்கி நகரும். வேறு வளைவில் தொடங்கினாலும் வந்து சேரும் இடம் மாறாது. இரண்டு தோராயங்களின் வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று சுருங்குவதற்கு L தான் பொறுப்பு.

இதே முறையை உங்கள் சமன்பாட்டில் ஓட்டிப் பார்ப்பது புத்தகங்களில் அதிகம் காணக் கிடைக்காது, ஆனால் செய்து பார்க்கத்தக்கது. y = 0 என்று தொடங்கினால் தொகையீடு 0, மறுபடி 0, எத்தனை சுற்று போனாலும் 0. இப்போது (x ≥ 0 க்கு) y = x என்று தொடங்குங்கள். 3t^(2/3)-இன் தொகையீடு (9/5)x^(5/3). அடுத்த சுற்றில் அடுக்கு 19/9. அடுக்கு p இருந்தால் அடுத்தது 2p/3 + 1. இது 1, 1.67, 2.11, 2.41 என்று 3-ஐ நோக்கிப் போகிறது. முன்னால் நிற்கும் எண் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கி 1-க்கு வருகிறது. ஆகவே வந்து சேருவது x³. நீங்கள் எந்தத் தோராயத்தில் தொடங்கினீர்களோ அதைப் பொறுத்து முறை வேறு வேறு தீர்வில் உங்களைக் கொண்டு விடுகிறது.

கணினியிலும் இதே கதைதான்.

```python
def euler(y, h=0.001, n=1000):
    for _ in range(n):
        y = y + h * 3 * y**(2/3)
    return y

print(euler(0.0))
print(euler(1e-15))
print(euler(1e-30))
```

முதல் வரி 0 என்று அச்சிடும். மற்ற இரண்டும் 1-க்குச் சற்றுக் குறைவாக வரும், தங்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. 10⁻¹⁵ இல் தொடங்கும் உண்மையான தீர்வு (x + 10⁻⁵)³, அதன் மதிப்பு x = 1 இல் 1.00003; கொஞ்சம் குறைவது ஆய்லர் முறையின் பிழை. பூச்சியத்துக்கும் 10⁻³⁰-க்கும் உள்ள வித்தியாசம் முழுசாக 1 ஆகிவிடுகிறது, 10⁻³⁰-க்கும் 10⁻¹⁵-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமே ஆவதில்லை. y' = y என்றால் 10⁻¹⁵ என்ற பிழை x = 1 இல் 2.7 × 10⁻¹⁵ ஆகியிருக்கும், அவ்வளவுதான். உருவகப்படுத்தலில் விடை 0 என்று நிலையாக வந்தால், தொடக்கத்தைத் துளி அசைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். துளியை இன்னும் இன்னும் சிறிதாக்கியும் விடை பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால், ஒரே தீர்வு என்ற நிலை அங்கே இல்லையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

இதெல்லாம் தாளில் மட்டும் நடக்கும் விநோதமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டலாம். அடியில் துளையுள்ள தொட்டியில் நீர் இறங்கும் வேகத்துக்கு டோரிசெல்லி விதி: dh/dt = −k√h, இங்கே k = (a/A)√(2g), a துளையின் பரப்பு, A தொட்டியின் பரப்பு. தொட்டியின் பரப்பு 1 சதுர மீட்டர், துளை 10 சதுர செ.மீ., நீர் 1 மீட்டர் உயரம் என்று வைப்போம். a/A = 0.001, √(2g) ஏறத்தாழ 4.43, ஆகவே k = 0.00443. மாறிகளைப் பிரித்தால் h = (1 − t/452)², t நொடிகளில். 452 நொடியில், அதாவது ஏழரை நிமிடத்தில் தொட்டி காலி. (துளையிலிருந்து வரும் தாரை ஒடுங்குவதால் நடப்பில் ஓட்டம் ஏறக்குறைய 0.6 மடங்குதான், நேரம் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். சமன்பாட்டின் வடிவம் மாறாது.)

452 நொடிக்கு அப்புறம் h = 0 என்றே தொடரும். இங்கேயும் ஒட்டு வழவழப்பாகவே இருக்கிறது. இப்போது காலை 10 மணிக்கு வந்து பார்த்தீர்கள், தொட்டி காலி. 9:55க்கு எவ்வளவு நீர் இருந்தது? சமன்பாட்டை வைத்துச் சொல்லவே முடியாது. நீங்கள் வந்த அந்த நொடியில்தான் காலியாகியிருக்கலாம், அப்போது 9:55இல் 44 செ.மீ. இருந்திருக்கும். 9 மணிக்கே காலியாகியிருக்கலாம், அப்போது ஒன்றுமே இருந்திருக்காது. h(10 மணி) = 0 என்ற தொடக்க நிபந்தனையோடு காலத்தில் பின்னோக்கிப் போனால் எண்ணற்ற தீர்வுகள். காலியான தொட்டி தன் கடந்த காலத்தைத் தொலைத்துவிட்டது, √h பூச்சியத்தில் லிப்ஷிட்ஸ் நிபந்தனையை மீறுவது அதைத்தான் கணக்கின் மொழியில் சொல்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்னோக்கிப் போனால் இதே சமன்பாட்டுக்கு ஒரே தீர்வுதான். காலியான தொட்டி காலியாகவே இருக்கும்; தானாக நிரம்பாது. லிப்ஷிட்ஸ் இல்லாமல் இது எப்படி? −k√h என்பது h கூடினால் குறையும் சார்பு. இரண்டு தீர்வுகளில் உயரமானது வேகமாக இறங்கும், ஆகவே இடைவெளி சுருங்கத்தான் முடியும், விரியாது. பூச்சிய இடைவெளியில் தொடங்கினால் பூச்சியமாகவே நிற்கும். காலத்தைத் திருப்பிப் போட்டால் குறி மாறி இடைவெளி விரியலாம் என்றாகிவிடுகிறது. திசையைப் பொறுத்து விடை மாறும் என்பதைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எனக்கு என்னவோ இந்தப் பாடத்தில் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான் என்று தோன்றும்.

இன்னொன்று: தேற்றம் தரும் தீர்வு எவ்வளவு தூரம் நீளும் என்று உறுதி இல்லை. y' = y², y(0) = 1 இல் f எங்கும் வழவழப்பானது, தீர்வு ஒன்றே, ஆனால் அது 1/(1 − x); x = 1 இல் முடிவிலிக்கு ஓடிவிடும். பிகார் தேற்றம் தரும் உத்தரவாதம் அதைவிடக் குறைவு. |y − 1| ≤ b என்ற பெட்டிக்குள் y²-இன் பெரும மதிப்பு (1 + b)², ஆகவே b/(1 + b)² நீளத்துக்கு உறுதி; b = 1 எடுத்தால் கிடைக்கும் அதிகபட்சமே 1/4 தான்.

கடைசியாக, விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் தவறு: "லிப்ஷிட்ஸ் நிபந்தனை பொருந்தவில்லை, எனவே பல தீர்வுகள் உண்டு." அப்படி எழுதக் கூடாது. நிபந்தனை பொருந்தினால் ஒரே தீர்வு. பொருந்தாவிட்டால் தேற்றம் வாயே திறப்பதில்லை. உங்கள் சமன்பாட்டில் ஒரு 1-ஐக் கூட்டி y' = 1 + 3y^(2/3), y(0) = 0 என்று ஆக்கிப் பாருங்கள். பூச்சியத்தில் வகைக்கெழு முன்போலவே வெடிக்கிறது, லிப்ஷிட்ஸ் இல்லை. ஆனால் வலப்பக்கம் எங்கும் 1-க்குக் குறையாது, அதனால் y பூச்சியத்தில் படுத்திருக்க முடியாது. y-ஐ அடைய ஆகும் நேரம் x = ∫ ds/(1 + 3s^(2/3)), 0-இலிருந்து y வரை; ஒவ்வொரு y-க்கும் ஒரே ஒரு x. தீர்வு ஒன்றே. f(0) = 0 ஆக இருந்தாலும்கூட லிப்ஷிட்ஸ் இல்லாமலே தப்பிக்கும் சார்புகள் உண்டு: பூச்சியத்தருகே y·ln(1/y) எடுத்தால் விகிதம் ln(1/y) எல்லையில்லாமல் வளர்கிறது, ஆனால் ஆஸ்குட் தொகையீடும் எல்லையில்லாமல் வளர்கிறது, ஆகவே y = 0 மட்டுமே தீர்வு. தேர்வில் பல தீர்வுகள் உண்டு என்று எழுத வேண்டுமானால், ஆசிரியர் காட்டியதுபோல குறைந்தது இரண்டையாவது எழுதி, இரண்டும் சமன்பாட்டில் பொருந்துவதைக் காட்டிவிடுங்கள்.